பாலத்திலிருந்து விழுந்த போனும் தம்பியின் கேம் போனும்

"கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறேன், ஊர் கீழக்கரை. நாளை பகல் 12 மணியோடு ஒரு கம்பெனி வேலைக்கான ஆன்லைன் விண்ணப்பம் முடிகிறது. இன்று மாலை பஸ்ஸில் போனைத் தொலைத்துவிட்டேன். வேறு போனில் ஜிமெயில் திறந்தால் பாஸ்வேர்டு நினைவில்லை, ஓ.டி.பி.யும் தொலைந்த நம்பருக்கே போகிறது. காலையில் டூப்ளிகேட் சிம் வாங்கினால் சரியாகிவிடுமா?"

டூப்ளிகேட் சிம்மை நாளைக் காலை வாங்கத்தான் வேண்டும். ஆனால் 12 மணி விண்ணப்பத்துக்கு அது உதவாது. சிம்மை மாற்றிக் கொடுத்த பிறகு 24 மணி நேரத்துக்கு அந்த எண்ணில் எஸ்.எம்.எஸ். வராது, போகாது. தொலைத்தொடர்புத் துறை வைத்திருக்கும் விதி இது. அடுத்தவர் எண்ணுக்குக் கள்ளத்தனமாக டூப்ளிகேட் எடுத்து, வங்கி ஓ.டி.பி.யைப் பிடித்துப் பணத்தை உருவும் திருட்டைத் தடுக்க வந்தது. போன் பேசலாம், நெட் வரும், எஸ்.எம்.எஸ். மட்டும் வராது. இது தெரியாமல் "சிம் சரியில்லை" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். காலை 10 மணிக்குக் கடை திறந்ததும் முதல் ஆளாக நீங்கள் வாங்கினாலும் ஓ.டி.பி. வர மறுநாள் காலை 10 ஆகிவிடும்.

ஆகவே சிம்மை ஒதுக்கிவைத்துவிட்டு யோசிப்போம். பாம்பனில் ஜெராக்ஸ், நெட் கடை வைத்திருக்கிறேன். விண்ணப்பம் போடுவதும், மறந்துபோன பாஸ்வேர்டைத் தேடுவதும்தான் என் பாதிப் பிழைப்பு. போன ஆவணியில் என் அக்கா மகளுக்கே உங்கள் நிலைமை வந்தது. அதை நடந்தபடி சொல்கிறேன். அவள் செய்த தப்பும் நான் செய்த தப்பும் அதில் இருக்கின்றன, உங்களுக்கு இன்றிரவு அவைதான் தேவைப்படும்.

அவள் ராமநாதபுரம் பக்கம் ஒரு கல்லூரியில் கடைசி வருடம். வீடு தங்கச்சிமடம். அன்று மாலை தோழிகளோடு பாம்பன் ரோட்டுப் பாலத்தில் இறங்கிப் புது ரயில் பாலத்தைப் படம் எடுத்திருக்கிறார்கள். அந்தப் பாலம் திறந்த 2025 ஏப்ரலிலிருந்து, ரயில் வரும் நேரத்தில் கைப்பிடிச் சுவரோரம் ஒரு கூட்டம் நிற்கத்தான் செய்கிறது. கச்சான் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுவருக்கு வெளியே கையை நீட்டியபடி வீடியோ எடுத்தவளின் துப்பட்டா முகத்தில் வந்து மூடியிருக்கிறது. அதை விலக்கப் போன கையில் போன் இல்லை. கடலுக்குள் போய்விட்டது, சிம்மும் அதோடு போயிற்று.

ஏழு மணி வாக்கில் கடைக்கு ஓடி வந்தாள். "மாமா, நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு அப்ளிகேஷன் முடியுது. மெயில் திறக்க மாட்டேங்குது" என்று அழுகை. வருவதற்கு முன் தோழியின் போனில் எட்டு முறை முயன்றிருக்கிறாள். நினைவுக்கு வந்த பாஸ்வேர்டை எல்லாம் போட்டிருக்கிறாள், Forgot password? அழுத்தியிருக்கிறாள், ஒவ்வொரு முறையும் பாதியில் நிறுத்திவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள். கடைசியில் முயற்சிகள் அதிகமாகிவிட்டன, பிறகு வாருங்கள் என்று கூகுள் சொல்லிவிட்டது.

நான் என்ன செய்தேன்? "வாத்தா, உட்காரு" என்று கடைக் கணினியில் அவளை உட்காரவைத்து ஒன்பதாவது முயற்சியைத் தொடங்கினேன். இத்தனை வருட அனுபவசாலி செய்த முட்டாள்தனம் அது.

ஏன் முட்டாள்தனம் என்பதைச் சற்று விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் மீதி எல்லாம் இதில்தான் தொங்குகிறது. பாஸ்வேர்டை மறந்துவிட்டேன் என்று நீங்கள் சொல்லும்போது, கேட்பது நீங்கள்தானா திருடனா என்பதை கூகுள் எதை வைத்து முடிவு செய்யும்? உங்கள் முகம் அதற்குத் தெரியாது. நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்திய கருவி, அதே பிரவுசர், வழக்கமாக இருக்கும் இடம் ஆகியவற்றை அது கணக்கில் எடுக்கும். கூகுளின் உதவிப் பக்கமே இந்த மூன்றையும் சொல்கிறது. தோழியின் போன், என் கடைக் கணினி இரண்டுமே அதற்கு அந்நியம். அதுவும் என் கடைக் கணினியில் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது பேர் உள்ளே போய் வெளியே வருகிறார்கள். கடல் தாண்டி எங்கோ உட்கார்ந்திருக்கும் திருடன் முயல்வதற்கும் என் கடையிலிருந்து அவள் முயல்வதற்கும் கூகுளின் கண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை. அந்நிய இடத்திலிருந்து மீண்டும் மீண்டும் தட்டத் தட்டக் கதவு இன்னும் இறுகும். காத்திருக்கச் சொல்லும் நேரம் சில மணியாக இருக்கலாம், சில நாளாகவும் இருக்கலாம். நமக்கு இருப்பது ஒரே ராத்திரி.

ஒன்பதாவது முயற்சியைப் பாதியில் நிறுத்திவிட்டு அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "இந்தப் போனுக்கு முன்னாடி என்ன போன் வச்சிருந்த?"

"பழைய போனா? அதைத் தம்பிட்ட குடுத்துட்டேன் மாமா. கேம் விளையாடுவான். சிம் எல்லாம் இல்லை. டிஸ்பிளே வேற உடைஞ்சிருக்கு."

"குடுக்கும்போது உன் அக்கவுண்டை அதிலேருந்து எடுத்தியா?"

யோசித்தாள். "எடுக்கலைன்னு நினைக்கிறேன். அவன் கேம் இறக்க என் அக்கவுண்டுலதான் இறக்குவான்."

கடையைப் பக்கத்துக் கடைக்காரரைப் பார்க்கச் சொல்லிவிட்டு, வண்டியில் அவளை ஏற்றிக்கொண்டு தங்கச்சிமடம் போனேன்.

இந்த இடத்தில் இரண்டு வேலைகளைப் பிரித்துப் பாருங்கள். ஒன்று, விண்ணப்பம் போக வேண்டும். இன்னொன்று, கணக்கு திரும்ப வேண்டும். பதற்றத்தில் எல்லோரும் கணக்கைத் திறந்தால்தான் விண்ணப்பம் என்று இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறார்கள். அவளுடைய விண்ணப்பத்துக்கு எது தேவை என்று வண்டியில் போகும்போதே கேட்டேன். அந்தக் கம்பெனியின் தளத்தில் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால் அதற்கு ஆறு இலக்கக் குறியீடு வரும், அதைப் போட்டால் உள்ளே போகலாம். மொபைல் எண்ணைச் சும்மா நிரப்பினால் போதும், அதற்கு ஓ.டி.பி. கேட்கவில்லை. அப்படியானால் பாஸ்வேர்டே வேண்டாம். ஏற்கெனவே அவள் கணக்கு திறந்திருக்கும் ஏதோ ஒரு திரையில் அந்த ஒரு மெயிலைப் பார்த்தால் போதும்.

வீட்டில் போனைத் தேடவே பத்து நிமிடம் ஆயிற்று. பையன் அதைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தான், சார்ஜ் சுத்தமாக இல்லை. சார்ஜரைச் சொருகி ஆன் செய்ததும் மூன்று தடங்கல்கள் வரிசையாக வந்தன. பழைய போனை எடுக்கும் எல்லோருக்கும் இவை வரும் என்பதால் உங்களுக்கும் சொல்லிவைக்கிறேன்.

முதலாவது தேதி. நாள்கணக்கில் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்த போன் சில நேரம் கடிகாரத்தை மறந்துவிடும். அதில் ஏதோ ஒரு பழைய வருடத்தின் ஜனவரி 1 ஓடிக்கொண்டிருந்தது. தேதி தப்பாக இருந்தால் எந்தத் தளமும் பாதுகாப்பாகத் திறக்காது, இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று சிவப்பாக எச்சரிக்கும். நெட் வேலை செய்யவில்லை என்று நினைத்து ஹாட்ஸ்பாட்டை அணைத்து அணைத்துப் போடுவோம், வியாதியோ கடிகாரத்தில் இருக்கும். சிம் இல்லாததால் டவரிலிருந்து நேரம் எடுக்க அதற்கு வழியில்லை. Settings போய்த் தேதியையும் நேரத்தையும் கையால் திருத்தினோம்.

இரண்டாவது நெட். அக்காவின் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு அதோடு இணைத்தோம். பையன் தினமும் இணைக்கும் அதே ஹாட்ஸ்பாட், அதே வீடு. இதைவிட வழக்கமான இடம் கூகுளுக்குக் காட்ட முடியாது.

மூன்றாவது இடப் பற்றாக்குறை. போனின் நினைவகம் முழுக்கக் கேம். ஜிமெயிலைத் திறந்தால் பழைய மெயில்கள் தெரிகின்றன, புதிதாக ஒன்றும் இறங்கவில்லை. இங்கேதான் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். புது மெயில் வராததற்குக் காரணம் இடமின்மையாக இருக்கலாம், அல்லது கணக்கே அந்தப் போனிலிருந்து வெளியேறியிருக்கலாம். Account action required என்றோ, மறுபடி பாஸ்வேர்டு போடு என்றோ நோட்டிபிகேஷன் வந்தால் வெளியேறிவிட்டது என்று பொருள். நடுவில் எப்போதாவது பாஸ்வேர்டை மாற்றியிருந்தால் பெரும்பாலும் அப்படித்தான் ஆகியிருக்கும். அவளுக்கு அந்த அறிவிப்பு வரவில்லை, இடம் இல்லை என்றுதான் போன் புலம்பியது. பையனின் மிகப்பெரிய கார் ரேஸ் கேமைத் தூக்கினோம். அவன் ஒரு மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். மெயிலைக் கீழே இழுத்துவிட்டதும் சரசரவென்று புது மெயில்கள் இறங்கின. மேலேயே, தெரியாத கருவியிலிருந்து உங்கள் கணக்கில் நுழைய முயற்சி நடந்தது என்று கூகுளின் எச்சரிக்கை. அது தோழியின் போனும் என் கடையும்தான்.

அந்த எச்சரிக்கையைப் பார்த்ததும் அவள் விரல் "இல்லை, இது நானில்லை" என்ற பட்டனுக்குப் போனது. கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்த நேரத்தில் அதை அழுத்தியிருந்தால் பாஸ்வேர்டை மாற்று என்று அது அடுத்த படிக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கும். திறந்திருக்கும் ஒரே ஜன்னலை வைத்து விளையாடக் கூடாது. அன்றிரவு அந்தப் போனில் கணக்கு சம்பந்தமான எதையும் தொடாதே, விண்ணப்பம் முடியட்டும் என்றேன்.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. அக்காவின் போனில் கம்பெனித் தளத்தைத் திறந்தாள், உடைந்த போனில் குறியீட்டைப் படித்தாள், உள்ளே போனாள். பயோடேட்டா கடலோடு போய்விட்டதாக நினைத்தவள், அதைத் தோழிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தது நினைவுக்கு வர, அக்காவின் எண்ணுக்கு வாங்கிக்கொண்டாள். பதிவு செய்த மொபைல் எண்ணை அம்மா எண்ணாக மாற்றட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். டூப்ளிகேட் சிம்மில் அவளுடைய அதே எண் திரும்பி வந்துவிடும், தேர்வுக்கான அழைப்பெல்லாம் அதற்குத்தான் வரும். மாற்று எண் கேட்கும் கட்டத்தில் மட்டும் அக்காவின் எண்ணைப் போட்டோம். பத்தேகால் மணிக்கு விண்ணப்பம் போயிற்று. விண்ணப்ப எண் இருக்கும் பக்கத்தைப் படம் பிடித்து அக்காவின் போனிலும் என் போனிலும் வைத்தோம்.

அதற்குப் பிறகுதான் கணக்கை மீட்க உட்கார்ந்தோம். அந்த உடைந்த போனிலேயே குரோமில் g.co/recover என்ற முகவரிக்குப் போனோம். மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்ததும், நினைவில் இருக்கும் கடைசிப் பாஸ்வேர்டைக் கேட்டது. தோராயமாகவாவது ஒன்றைப் போடுவது நல்லது. தப்பான யூகத்துக்காக நடுவில் துரத்திவிடாது என்று கூகுளே சொல்கிறது. அவள் முன்பு செய்ததுபோல் பாதியில் ஓடிவந்து முதலிலிருந்து ஆரம்பிப்பதுதான் கெடுதல். அடுத்து, எங்கள் கையில் இல்லாத ஓர் எண்ணுக்குக் குறியீடு அனுப்பட்டுமா என்றது. அங்கே Try another way அழுத்தினோம். உங்கள் போனில் வரும் கேள்விக்கு ஆம் என்று தட்டுங்கள் என்ற வழியைக் காட்டியது. கணக்கு திறந்திருக்கும் போனுக்கு அந்தக் கேள்வி வரும், சிம் தேவையில்லை, நெட் போதும். ஒரு நிமிடம் காத்தும் ஒன்றும் வரவில்லை. ஜிமெயில் செயலியைத் திறந்ததும் கேள்வி அதற்குள் வந்து நின்றது. ஆம் என்று தட்டி, திரையில் காட்டிய எண்ணைத் தேர்ந்தெடுத்தோம். புதுப் பாஸ்வேர்டு வைக்கச் சொன்னது.

உங்களுக்கும் இதே வரிசையில் வரும் என்று சொல்ல மாட்டேன். சிலருக்குப் போனின் திரைப் பூட்டைக் கேட்கும், சிலருக்கு மீட்பு மின்னஞ்சலுக்குக் குறியீடு அனுப்பும், சிலரை இத்தனை மணி நேரம் கழித்து வா என்று சொல்லி, அப்போது தொடர்புகொள்ள ஒரு மின்னஞ்சல் முகவரியைக் கேட்கும். காத்திருக்கச் சொன்னால் காத்திருப்பதுதான் வழி, நடுவில் தட்டக் கூடாது.

அவளுடைய மீட்பு எண் என்னவென்று பார்த்தால், ப்ளஸ் டூ படிக்கும்போது அவள் அப்பா வைத்திருந்த எண். ரீசார்ஜ் செய்யாமல் விட்டு எப்போதோ போய்விட்டது. இப்படி விடப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம் என்பது விதி. அதாவது இந்தப் பிள்ளையின் கணக்கைத் திறக்கும் குறியீடு, எங்கோ முகம் தெரியாத ஒருவர் கைக்குப் போகும்படி இத்தனை நாள் இருந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டு அக்காவின் எண்ணைப் போட்டோம். எண்ணை மாற்றிய பிறகும் 7 நாள் வரை பழைய எண்ணுக்கே குறியீடு அனுப்பும் வாய்ப்பை கூகுள் வைத்திருக்கும், அதனால் இதை அவசரத்தன்று செய்து பலனில்லை, முன்கூட்டியே செய்திருக்க வேண்டும். மீட்பு மின்னஞ்சலாகக் கல்லூரி கொடுத்த முகவரியை வைத்திருந்தாள். படிப்பு முடிந்ததும் கல்லூரி அதை மூடிவிடக்கூடும், அதையும் மாற்றச் சொன்னேன். அப்பாவுக்கு ஒரு மின்னஞ்சல் கணக்கு இருந்தது. மனிதர் நாட்டுப்படகில் தென்கடலுக்குப் போகிறவர், மெயில் பார்ப்பதே இல்லை. ஆனாலும் கணக்கு உயிரோடு இருக்கிறது, அது போதும். கூகுள் கணக்கை 2 வருடம் தொடாமல் விட்டால் அழித்துவிடலாம் என்று விதி இருப்பதால், அவ்வப்போது அதைத் திறந்து பார்க்கும் வேலை இப்போது பையனுடையது.

கடைசியாக Backup codes. இரண்டு படிச் சரிபார்ப்பு வைத்திருக்கும் எவருக்கும் கூகுள் இதைத் தரும். எட்டு இலக்கத்தில் பத்துக் குறியீடு, ஒவ்வொன்றும் ஒரு முறைக்குத்தான். பாஸ்வேர்டு தெரிந்து போன் இல்லாத நேரத்தில், எஸ்.எம்.எஸ். குறியீட்டுக்குப் பதிலாக இதில் ஒன்றைப் போட்டு உள்ளே போய்விடலாம். மறுநாள் என் கடையிலேயே அச்செடுத்துக் கொடுத்தேன். ரேஷன் ஸ்மார்ட் கார்டு வைக்கும் அதே பிளாஸ்டிக் உறைக்குள் அக்கா அதை வைத்திருக்கிறாள். புதிதாக ஒரு பட்டியல் எடுத்தால் பழையது செல்லாமல் போகும், ஆகையால் புதிது எடுத்த அன்றே பழைய தாளைக் கிழித்துவிடச் சொல்லியிருக்கிறேன். இதைப் போனுக்குள் படமாக வைத்திருப்பவர்களும் உண்டு, போன் கடலுக்குள் போகும்போது அதுவும் கூடவே போகும்.

இனி உங்கள் விஷயம். உங்கள் போன் கடலில் விழவில்லை, பஸ்ஸில் தொலைந்திருக்கிறது. அதாவது யாரோ ஒருவர் கையில் இருக்கலாம். வீட்டில் வேறு போனிலிருந்து சிம் கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்குப் பேசி இன்றிரவே சிம்மை முடக்குங்கள். அந்தச் சிம்மை எடுத்து வேறு போனில் போட்டால் உங்கள் வங்கி ஓ.டி.பி. அவர் கைக்குப் போகும். அது போகாமலிருப்பது விண்ணப்பத்தைவிட அவசரம். முடக்குவதால் உங்களுக்கு நஷ்டம் இல்லை, எப்படியும் அந்த எண்ணின் எஸ்.எம்.எஸ். உங்கள் கைக்கு வரப்போவதில்லை.

அடுத்து, உங்கள் கணக்கு வேறு எந்தத் திரையில் திறந்திருக்கிறது என்று நிதானமாக யோசியுங்கள். பழைய போன் ஒன்று. அண்ணன் மடிக்கணினியில் ஒருமுறை பிராஜெக்ட் வேலைக்காக உள்ளே போய்விட்டு வெளியேறாமல் வந்திருக்கலாம், அங்கே குரோமில் மேலே வலது மூலையில் உங்கள் படம் தெரியும். கல்லூரி லேபில் நீங்கள் வழக்கமாக உட்காரும் கணினியும் ஒன்று, காலை 9 மணிக்கு லேப் திறந்தால் உங்களுக்கு மூன்று மணி நேரம் இருக்கிறது. வீட்டு டி.வி.யில் யூடியூபுக்காகப் போட்டிருந்தால் அது உதவாது, அதில் மெயில் படிக்க முடியாது. எங்கே திறந்திருந்தாலும் Sign out என்ற சொல் பக்கம் போகாதீர்கள். அந்தத் திரையில் பாஸ்வேர்டைக் கேட்காமலே மெயில் படிக்க முடிகிறதென்றால் விண்ணப்பத்தை முதலில் முடியுங்கள்.

இரவு நேரத்தில் தேடும்போது, கணக்கை மீட்டுத் தருகிறோம், ஆயிரம் இரண்டாயிரம் கொடுங்கள் என்று டெலிகிராமிலும் யூடியூப் கமெண்டிலும் ஆள்கள் வருவார்கள். தனிநபர் ஜிமெயிலை மீட்க கூகுள் வெளியாள் எவரையும் வைத்திருக்கவில்லை, போன் போட்டுப் பேசும் அலுவலகமும் இல்லை. அந்தப் பேர்வழிகளுக்குத் தேவை உங்கள் ஓ.டி.பி.யும் பணமும்தான். ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே பேசுங்கள்.

எந்தத் திரையும் கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வது? வீட்டிலிருந்தபடி, வீட்டில் வழக்கமாக இருக்கும் நெட்டில், உங்களுக்குக் கிடைக்கும் மிகப் பழக்கமான கருவியில் g.co/recover போய் ஒரே ஒரு முறை, எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லி முழுதாக முயலுங்கள். உங்களைத் தொடர்புகொள்ள ஒரு முகவரி கேட்டால், இப்போது திறந்து பார்க்க முடிகிற முகவரியைக் கொடுங்கள், அதில் ஸ்பாம் பெட்டியையும் பாருங்கள். முடியாது என்று வந்தால் இன்றிரவு அதோடு விடுங்கள்.

விட்டபின் விண்ணப்பத்துக்கு இரண்டாவது வழி. பொறுமையாகத் தளத்தின் விதிகளைப் படியுங்கள். ஒருவருக்கு ஒரு விண்ணப்பம்தான், இரண்டு போட்டால் இரண்டும் தள்ளுபடி என்று பல இடங்களில் இருக்கும். நீங்கள் இன்னும் ஒன்றும் தொடங்கவில்லை என்றால் புது முகவரியில் போடத் தடையில்லை. பாதி நிரப்பியிருந்தால் புதிதாகத் தொடங்கும் முன் அந்தக் கம்பெனியின் ஆள்சேர்ப்பு முகவரிக்கு எழுதுங்கள். புதிதாக ஒரு மின்னஞ்சல் தொடங்கி, அதிலிருந்து நாளைக் காலை 9 மணிக்கு முன்பே, கடைசி நேரம் முடிவதற்குள் எழுதியதற்கு அத்தாட்சி இருக்கும்படி அனுப்புங்கள். அழுது புலம்ப வேண்டாம். பதிவு செய்த முகவரி எது, விண்ணப்ப எண் இருந்தால் அது, போன் தொலைந்த தேதி, இந்தப் புது முகவரியில் புதிதாக விண்ணப்பிக்கலாமா அல்லது பதிவில் முகவரியை மாற்றித் தருவீர்களா என்ற கேள்வி, கூடவே பயோடேட்டா. இவ்வளவுதான் வேண்டும். 11 மணிக்குள் பதில் வராவிட்டால், விதியில் வெளிப்படையாகத் தடை இல்லாத பட்சத்தில், புது முகவரியில் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, போட்டுவிட்டேன் என்று அதே மெயிலுக்குக் கீழே இன்னொரு வரி எழுதிவிடுங்கள்.